தமிழ் தெரியாத கருவி தமிழ்க் கட்டுரைக்குப் போடும் மதிப்பெண்

சென்ற ஆண்டு தேர்வு நேரத்தில், ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நண்பர் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். முதுகலை மாணவி ஒருவர் எழுதிக் கொடுத்த ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் கிடைத்த ஏஐ கண்டறியும் கருவி ஒன்றில் ஒட்டியிருக்கிறார்கள். '97 சதவீதம் ஏஐ' என்று சிவப்பு எழுத்தில் வந்திருந்தது. துறைக்கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்குச் சுழியம் போட்டுவிடலாம் என்று பேச்சு. "புள்ள நோட்டுல கையால எழுதி எழுதி அடிச்சுத் திருத்தி வச்சிருக்கு. நானே பாத்தேன். ஆனா இதுல இப்படி வருதே, என்ன சொல்றது?" என்று கேட்டார்.

நான் தமிழ் உரைகளைக் கணினியில் கையாளும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன். அவரிடம் நான் முதலில் கேட்டது, அந்தக் கருவி தமிழுக்கென்று செய்யப்பட்டதா என்பதைத்தான். "தமிழை ஒட்டினா வாங்கிக்குதே, பதிலும் தருதே" என்றார். இந்தப் பதிலில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது. பெட்டிக்குள் எதை ஒட்டினாலும் கருவி ஒரு எண்ணைத் தரும். எண் வந்துவிட்டதாலேயே உரையைப் படித்துத்தான் தந்தது என்று ஆகிவிடாது.

அன்று மாலையே இரண்டு சோதனை செய்யச் சொன்னேன். முதலாவது, ஜிபிடி போல உரை எழுதும் மொழி மாதிரிகள் வருவதற்கு முன்பு அவரே எழுதியது ஏதாவது இருந்தால் அதை ஒட்டிப் பார்ப்பது. 2011இல் ஒரு கருத்தரங்குக்காகத் தட்டச்சு செய்த கட்டுரை அவரிடம் இருந்தது. அதற்கு 96 சதவீதம் வந்தது. இரண்டாவது, அதே கட்டுரையின் சொற்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து, எந்த வாக்கியத்துக்கும் பொருளே இல்லாதபடி செய்து ஒட்டுவது. அதற்கும் 95. பொருளுள்ள தமிழுக்கும் பொருளற்ற தமிழுக்கும் ஒரே மதிப்பெண் போடும் கருவி, எழுதியவர் மனிதரா இயந்திரமா என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறது. எதை அளக்கிறது என்று பார்த்தால்தான், மொழி ஆதரவை ஏன் முதலில் சரிபார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

இத்தகைய கருவிகளில் பலவும் ஏதோ ஒரு வகையில் 'அடுத்து என்ன வரும்' என்ற ஊகத்தை நம்பியிருக்கின்றன. ஒரு மொழி மாதிரியிடம் உரையைத் துண்டு துண்டாகக் காட்டி, ஒவ்வொரு இடத்திலும் அடுத்த துண்டு அதற்கு எவ்வளவு எதிர்பார்த்ததாக இருந்தது என்று கணக்கிடுவார்கள். எதிர்பார்த்தபடியே வந்துகொண்டிருந்தால் மதிப்பு குறைவாக இருக்கும். எதிர்பாராதது வந்தால் கூடும். இந்த அளவுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்று பெயர். ஒவ்வொரு அடியிலும் மாதிரி சராசரியாக எத்தனை வாய்ப்புகளுக்கு நடுவே திணறியது என்று அதை எடுத்துக்கொள்ளலாம். இயந்திரம் எழுதிய உரையில் மதிப்பு குறைவாகவும் மனிதர் எழுதியதில் கூடுதலாகவும் இருக்கும் என்பது அடிப்படை அனுமானம். ஆங்கிலத்தில் மனிதர் எழுதிய சாதாரணக் கட்டுரை ஒன்றுக்கு ஜிபிடி-2 என்ற பழைய மொழி மாதிரி இருபதுகளிலோ அதற்கு மேலோ ஒரு மதிப்பைத் தரும் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு பத்துக்குக் கீழே போனால் கருவி சந்தேகப்படும்.

இங்கே 'துண்டு' என்றேனே, அந்தத் துண்டில்தான் விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்துக்காகச் செய்த மாதிரியில் ஒரு துண்டு என்பது பெரும்பாலும் ஒரு முழுச்சொல் அல்லது சொல்லின் பெரும்பகுதி. இதை டோக்கன் என்பார்கள். ஜிபிடி-2இன் டோக்கன் பட்டியலில் சுமார் 50 ஆயிரம் துண்டுகள் உண்டு. அவை பெரும்பாலும் ஆங்கில உரைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. பட்டியலில் இல்லாத எழுத்து வந்தால் மாதிரி அதை நிராகரிப்பதில்லை. எழுத்தைக் கணினி சேமித்து வைக்கும் பைட்டுகளாக உடைத்து, அந்தப் பைட்டுகளையே துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. எதை ஒட்டினாலும் கருவி வாங்கிக்கொள்வதன் ரகசியம் இதுதான்.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துப் பார்ப்போம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்:

```
த   E0 AE A4
ம   E0 AE AE
ி   E0 AE BF
ழ   E0 AE B4
்   E0 AF 8D
```

முதல் பைட் ஐந்து இடத்திலும் E0. இரண்டாவது பைட் AE அல்லது AF. இந்த ஒரு சொல் மட்டுமல்ல, யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி முழுவதுமே இப்படித்தான்: முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதுக்கு இரண்டே வாய்ப்பு. எந்த எழுத்து என்பதை உண்மையில் சொல்வது மூன்றாவது பைட் மட்டும்தான்.

இப்போது தமிழே தெரியாத மாதிரி ஒன்று இந்தப் பைட்டுகளை வரிசையாகப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து எழுத்து கடந்ததும் E0க்குப் பின் AE அல்லது AF வரும், மூன்றாவது பைட் முடிந்ததும் மறுபடி E0 வரும் என்று பிடித்துக்கொள்ளும். இதற்குத் தமிழறிவு தேவையில்லை. திரும்பத் திரும்ப வருகிற ஒரு வடிவத்தைக் கவனித்தாலே போதும். ஆக முதல் பைட்டில் திணறலே இல்லை, வாய்ப்பு 1. இரண்டாவதில் மிஞ்சிப்போனால் 2. மூன்றாவதில் மாதிரி நன்றாகவே திணறுகிறது, 20 வாய்ப்புகளுக்கு நடுவே தடுமாறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 40. பெர்ப்ளெக்சிட்டி என்பது துண்டுக்கான சராசரி என்பதால் 40இன் கனமூலத்தை எடுக்க வேண்டும்: சுமார் 3.4.

20, 2 என்பவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். ஆனால் மூன்றாவது பைட்டுக்கு 20க்குப் பதில் 40 என்று வைத்தாலும் விடை சுமார் 4.3தான். கருவி சந்தேகப்படும் கோடு பத்தில் இருந்தால், தமிழ் எழுத்தில் இருக்கும் எந்த உரையும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் போய் விழும். இயந்திரம் எழுதியதும் விழும், மாணவி நோட்டில் அடித்துத் திருத்தி எழுதியதும் விழும், என் நண்பரின் 2011ஆம் ஆண்டுக் கட்டுரையும் விழும், சொற்களைக் கலைத்துப் போட்டதும் விழும். கருவியின் உள்ளே இருப்பதை நாம் பார்க்க முடியாது. ஆனால் அந்த 97, 96, 95 என்ற வரிசை இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எழுதியவரைப் பற்றி அல்லாமல், யூனிகோடு தமிழை எப்படி அடுக்கி வைத்திருக்கிறது என்பதைப் பற்றிய எண் அது.

இதை இன்னொரு வழியிலும் உறுதிசெய்துகொள்ளலாம். அதே தமிழ் வாக்கியத்தை 'naan nethu oorukku poyittu vandhen' என்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். இப்போது பைட்டுகளின் வரிசை ஒழுங்கு இல்லை. ஆங்கிலத்தில் இல்லாத சொற்கள், எதிர்பாராத எழுத்துக் கூட்டங்கள். மாதிரி ஒவ்வொரு துண்டிலும் திணறும், மதிப்பு மேலே ஏறும், கருவி 'மனிதர் எழுதியது' என்ற பக்கம் சாயும். ஒரே வாக்கியம், ஒரே ஆள். வரிவடிவம் மாறியதும் தீர்ப்பு தலைகீழாகிறது.

எல்லாக் கருவியும் இப்படித் தமிழைக் குற்றவாளிக் கூண்டில்தான் நிறுத்தும் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தப் பக்கம் சாயும் என்பது கருவிக்குக் கருவி மாறும். 2024இல் வெளியான பைனாகுலர்ஸ் என்ற முறை, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மாதிரிகளின் திணறலை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவு செய்கிறது. மாதிரிகளுக்கு அதிகம் பழக்கமில்லாத மொழிகளில் அது மனிதரைத் தவறாகக் குற்றம்சாட்டுவது குறைவு என்றும், அதேசமயம் இயந்திரம் எழுதியதையும் 'மனிதர்' என்றே பெரும்பாலும் விட்டுவிடுகிறது என்றும் அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். அங்கே அப்பாவி தப்பிக்கிறார், ஆனால் கருவி வேலை செய்ததால் அல்ல. '2 சதவீதம் ஏஐ' என்று வந்த தாளைக் காட்டி 'பாருங்கள், நானே எழுதியது' என்று வாதிடுவதும் இதே காரணத்தால் செல்லாது. மொழி தெரியாத கருவி தரும் நல்ல மதிப்பெண்ணும் கெட்ட மதிப்பெண்ணைப் போலவே வெற்று எண்தான்.

திணறலை அளக்காமல், மனிதர் எழுதியது, இயந்திரம் எழுதியது என்று இரண்டு குவியல் உரைகளைக் காட்டிப் பழக்கிய வகைப்படுத்திகளும் உண்டு. பரவலாகப் புழங்கும் ஒரு பழைய வகை, ராபர்ட்டா என்ற ஆங்கில மாதிரியை வைத்துக் கட்டியது. அதற்கு 512 துண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் படிக்க முடியாது. ஆங்கிலத்தில் 512 துண்டு என்றால் ஏறக்குறைய ஒரு பக்கம். தமிழிலோ ஒரு குறிக்கு இரண்டு அல்லது மூன்று துண்டு என்று கணக்கிட்டால், 170 முதல் 250 குறிகளுக்குள் முடிந்துவிடும். இருபது முப்பது சொல், அதாவது இரண்டு மூன்று வாக்கியம். அதற்குப் பின் வெட்டிவிடும் அமைப்பாக இருந்தால், இருபது பக்கக் கட்டுரையை ஒட்டினாலும் அது பார்த்தது முன்னுரையின் முதல் சில வரியைத்தான். மீதிப் பக்கங்களில் என்ன இருந்தாலும் எண் மாறாது.

பைதான் தெரிந்தவர்கள் இதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம்:

```python
from transformers import AutoTokenizer
s = "தமிழ்"
print(len(s), len(s.encode("utf-8")))
for m in ["roberta-base", "xlm-roberta-base"]:
    t = AutoTokenizer.from_pretrained(m)
    print(m, len(t.tokenize(s)))
```

முதல் வரியில் 5, 15 என்று வரும். ஆங்கில மாதிரிக்கு வரும் எண் குறிகளின் எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருந்தால், அது தமிழைச் சொல்லாக அல்ல, பைட் துகளாகப் பார்க்கிறது என்று பொருள். இரண்டாவது மாதிரி நூறு மொழிகளில் பழகியது, தமிழும் அதில் உண்டு. அதன் எண் மிகச் சிறியதாக இருக்கும்.

ஆனால் இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். அடிப்படை மாதிரிக்குத் தமிழ் தெரியும் என்பது ஒன்று. அதன்மேல் கட்டிய கண்டறியும் கருவி தமிழில் பழக்கப்பட்டது என்பது வேறு. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு ஆங்கிலக் கட்டுரைகளை மட்டும் காட்டி 'இது மனிதர், இது இயந்திரம்' என்று பயிற்சி கொடுத்தால், தமிழில் இயந்திரத்தின் நடை எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தமிழில் இயந்திரத்தனம் வேறு மாதிரி. 'அது மட்டுமல்லாமல்', 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்று அடுக்குவது போன்ற பழக்கங்களை நம் ஊர்ப் பரிட்சைத் தாளிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் மனிதர்களே வருடக்கணக்கில் எழுதி வந்திருக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிய, தமிழிலேயே இரண்டு வகை உரைகளும் போதிய அளவு காட்டியிருக்க வேண்டும்.

ஆக 'தமிழ் ஆதரவு உண்டா' என்ற கேள்விக்கு மூன்று விதமான 'உண்டு' இருக்கிறது. பெட்டி தமிழ் எழுத்தை ஏற்கிறது என்பது முதல் 'உண்டு'. உள்ளே இருக்கும் மாதிரி தமிழில் பழகியது என்பது இரண்டாவது. தமிழ் உரைகளை வைத்துச் சோதித்து, எத்தனை தடவை மனிதரைத் தவறாகப் பிடித்தது என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள் என்பது மூன்றாவது. ஒருவரின் மதிப்பெண்ணையோ வேலையையோ தொடும் முடிவுக்கு மூன்றாவது மட்டுமே போதுமானது. 'நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள்' என்று முகப்பில் எழுதியிருந்தால் எந்த 'உண்டு' என்று உதவிப் பக்கத்திலோ மாதிரி விவரத்திலோ தேடிப் பாருங்கள். அங்கே தமிழ் என்ற பெயரும் அதற்கெதிரே ஒரு பிழை விகிதமும் இல்லையென்றால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்மையாகச் சொன்னவர்களும் உண்டு. ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரி இறுதியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டபோது, ஆங்கிலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், மற்ற மொழிகளில் இன்னும் மோசமாக இருக்கும் என்று அறிவிப்பிலேயே எழுதியது. ஆங்கிலத்திலேயே இயந்திர உரையில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகக் குற்றம்சாட்டியது. அதே ஆண்டு ஜூலையில் துல்லியம் போதவில்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கல்லூரிகள் எழுத்துத் திருட்டைப் பிடிக்கப் பயன்படுத்தும் டர்னிட்டின் என்ற சேவை 2023 ஏப்ரலில் ஏஐ கண்டறிதலைத் தொடங்கியபோது ஆங்கிலத்துக்கு மட்டும்தான். பின்னர் ஸ்பானிஷும் ஜப்பானியமும் சேர்ந்தன. இதில் கல்லூரிகளில் நடக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். அதே சேவையில் பிறர் எழுத்தோடு ஒப்புமை பார்க்கும் அறிக்கை ஒன்று இருக்கிறது, ஏஐ அறிக்கை வேறு. ஒப்புமைக்கான மொழிப்பட்டியல் மிக நீளம், ஏஐக்கானது மிகக் குட்டை. ஒன்றின் பட்டியலைப் பார்த்துவிட்டு மற்றதற்கும் அதுவே என்று நினைத்துவிடுகிறார்கள்.

தமிழ் எடுபடாது என்று தெரிந்ததும் சிலர் ஒரு குறுக்கு வழி பிடிக்கிறார்கள். கட்டுரையை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைக் கருவியில் ஒட்டுவது. என் நண்பரின் துறையிலும் ஒருவர் இதைச் சொன்னாராம். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஆங்கில வாக்கியங்களை எழுதியது மொழிபெயர்ப்புச் செயலி. சொல் தேர்வும் வாக்கிய அமைப்பும் முழுக்க இயந்திரத்துடையவை. கருவி அதை இயந்திர எழுத்து என்று சொன்னால் அது சரியாகச் சொல்லியிருக்கிறது, ஆனால் அது சொன்னது மாணவியைப் பற்றி அல்ல. பன்மொழி ஆதரவு என்று சொல்லும் ஒரு கருவி உள்ளுக்குள் இதையே செய்கிறதா என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆதரவு உண்டு என்று எழுதியிருக்கும் மொழியிலும் யாருடைய எழுத்து என்பது முக்கியமாகிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ என்று அவை சொல்லின. எளிய சொற்களில் எழுதினால் திணறல் குறைகிறது, திணறல் குறைந்தால் சந்தேகம் வருகிறது. நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் தாள்களுக்கும் இது நேராகப் பொருந்தும்.

கருவியை வாங்குவதற்கு முன்போ நம்புவதற்கு முன்போ உங்கள் துறையிலேயே ஒரு சோதனை வையுங்கள். 2019க்கு முந்தைய தமிழ் உரைகள் இருபது எடுங்கள். திருக்குறளோ பாரதியார் கட்டுரையோ வேண்டாம். இணையத்தில் ஆயிரம் இடத்தில் இருப்பதை மாதிரிகள் ஏற்கெனவே படித்திருக்கும், அதனாலேயே அவற்றில் திணறல் குறையும். பழைய மாணவர் ஒப்படைப்பு, உங்கள் சொந்தக் கட்டுரை, துறை மலருக்கு வந்து வெளியாகாத படைப்பு போன்றவைதான் சரி. இன்னும் இருபது, அதே தலைப்புகளில் இயந்திரத்திடம் எழுதி வாங்கியவை. கடைசியாக முதல் இருபதின் சொற்களைக் கலைத்துப் போட்டவை. மூன்று குவியலுக்கும் வரும் எண்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் கருவி பயன்படாது. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருந்தால் அதற்குத் தமிழே தெரியாது. இருபது என்பது சிறிய எண்ணிக்கை. அதனால் இந்தச் சோதனையில் தோற்ற கருவியைத் தயங்காமல் ஒதுக்கலாம், தேறிய கருவியை அதனால் மட்டும் நம்பிவிடக் கூடாது.

நண்பர் மூன்று அறிக்கைகளையும் அச்செடுத்து அடுத்த துறைக்கூட்டத்துக்குக் கொண்டுபோனார்: மாணவியின் கட்டுரை, தன் 2011ஆம் ஆண்டுக் கட்டுரை, கலைத்துப் போட்ட சொற்கள். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். பதிவேட்டில் '97 சதவீதம்' என்று எழுதியிருந்த இடத்தை அடித்து, 'இக்கருவி தமிழுக்குப் பொருந்தாது. மதிப்பீடு செய்யப்படவில்லை' என்று எழுதச் சொன்னாராம். பிறகு மாணவியை வரச்சொல்லி, நோட்டில் அடித்திருந்த ஒரு பத்தியைக் காட்டி, இதை ஏன் நீக்கினாய் என்று கேட்டிருக்கிறார். மேற்கோள் காட்டிய பதிப்பில் பாடவேறுபாடு இருந்தது, வேறு பதிப்பைப் பார்த்த பின் அந்த வாதம் நிற்கவில்லை என்று சொல்லி, இரண்டு பதிப்பின் பக்க எண்களையும் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.